பலகையின் அடியில் இருக்கும் நான்கு வரி



எந்த ஊர் செல்போன் கடைக்குப் போனாலும் வாசல் பலகையில் இப்போது பெரிதாக எழுதியிருப்பது ‘அன்லிமிடெட் 5ஜி’. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். பலகையின் அடியில், கண்ணாடி போட்டுக் குனிந்து பார்த்தால்தான் தெரிகிற அளவில் நான்கு வரி இருக்கும். அந்த நான்கு வரியைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச வேண்டும். அதைப் படிக்காமல் ரீசார்ஜ் செய்த பல வீடுகளில், தேவையில்லாத இடத்தில் பணம் கூடுதலாகவும், தேவையான இடத்தில் நெட் குறைவாகவும் போய்க்கொண்டிருக்கிறது. எங்களுக்கு வருகிற கடிதங்களே அதைச் சொல்கின்றன.

முதலில் இந்தச் சலுகை என்ன என்பதைப் பார்த்துவிடலாம். நாம் போடும் பிளானில் தினமும் இத்தனை ஜிபி என்று ஓர் அளவு இருக்கிறது. போன் 5ஜி சிக்னலில் இருக்கும்போது நாம் செலவழிக்கும் டேட்டா அந்தத் தினசரி அளவில் கழிக்கப்படாது. சலுகை இவ்வளவுதான். போன் 4ஜிக்கு இறங்கிய மறு நொடியிலிருந்து தினசரி அளவு கரையத் தொடங்கும். 5ஜிக்கு என்று தனியாக நாம் பணம் கட்டவில்லை. ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் பிளான் போட்டவர்களுக்கு அது கூடவே தரப்படுகிறது. ஆகவே 5ஜியின் விலையைத் தேட வேண்டிய இடம் ‘எந்த பிளானிலிருந்து கிடைக்கும்’ என்ற வரிதான்.

அந்த வரி எப்படி நகர்ந்தது என்பதைப் பாருங்கள். நம் நாட்டில் 5ஜி சேவை 2022 அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்கியது. ஏர்டெல் முதலில் தொடங்கிய எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. ஜியோ அதே மாதம் 22-ஆம் தேதி சென்னைக்கு வந்தது. ஜியோ அதற்கு ‘வெல்கம் ஆஃபர்’ என்று பெயர் வைத்து, 239 ரூபாய் பிளானிலிருந்து அளவில்லாமல் கொடுத்தது. ஏர்டெல்லும் 2023 மார்ச்சில் அதே 239 ரூபாயிலிருந்து கொடுத்தது. 239 ரூபாய் என்பது ஜியோவில் தினம் 1.5 ஜிபி, 28 நாள் பிளான். பெரும்பாலான வீடுகளில் வழக்கமாகப் போட்டுக்கொண்டிருந்ததே அதுதான். அதனால் புதிதாக 5ஜி போன் வாங்கியவர்களுக்குச் சலுகை தானாகவே வந்து சேர்ந்தது. நிபந்தனை ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியவில்லை.

2024 ஜூலை 3-ஆம் தேதி விலையேற்றம் வந்தது. ஜியோவின் 239 ரூபாய் பிளான் 299 ஆனது. பத்திரிகைகள் எல்லாம் இதை 25 சதவீத உயர்வு என்று எழுதின. அது சரிதான். ஆனால் அதே நாளில் நிபந்தனையும் மாறியது: தினம் 2 ஜிபி அல்லது அதற்கு மேல் உள்ள பிளான் போட்டால்தான் அளவில்லா 5ஜி. ஜியோவில் 28 நாளுக்கு அப்படிப்பட்ட பிளான் 349 ரூபாய். அதாவது 239 ரூபாய் கட்டி 5ஜி பயன்படுத்திக்கொண்டிருந்தவர், அதே 5ஜியைத் தொடர வேண்டுமானால் 349 கட்ட வேண்டும். 110 ரூபாய் கூடுதல், அதாவது 46 சதவீதம். விலை உயர்வு செய்தியானது. நிபந்தனை உயர்வு அடி வரியிலேயே தங்கிவிட்டது. ஜியோவுக்கு அதனால் கிடைத்த பலனை அவர்கள் வெளியிட்ட கணக்கிலேயே காணலாம். ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மாதம் கிடைக்கும் சராசரி வருமானம் 2024 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் 181 ரூபாய் 70 காசாக இருந்தது, அக்டோபர்–டிசம்பர் காலாண்டில் 203 ரூபாய் 30 காசானது. பிளான் விலையும், பெரிய பிளானுக்கு மக்கள் மாறியதும் சேர்ந்து செய்த வேலை இது.

ஒரு நிறுவனம் தன் விலையை உயர்த்துவதில் நான் குறை காணவில்லை. சலுகை என்று பெயர் வைத்துக் கொடுத்ததை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம் என்பது அவர்கள் நிபந்தனையிலேயே இருக்கிறது. நாம்தான் அதை நிரந்தர உரிமை என்று நினைத்துக்கொண்டோம். ஆகவே ஒவ்வொரு ரீசார்ஜின் போதும் ‘இந்தத் தொகைக்கு 5ஜி உண்டா?’ என்று புதிதாகக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் இங்கே தரும் தொகைகள் 2024 ஜூலை உயர்வை ஒட்டியவை. நீங்கள் ரீசார்ஜ் செய்யும் அன்று உள்ள பட்டியலை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 1.5 ஜிபி பிளான் போட்டுவிட்டோம், 5ஜியும் வேண்டும் என்பவர்களுக்காக ஜியோ தனியே வவுச்சர்களை வெளியிட்டது. ஒரு மாத பிளானுக்கு 51 ரூபாய், இரண்டு மாத அளவிலான பிளானுக்கு 101, மூன்று மாத அளவுக்கு 151. 51 ரூபாய் என்றதும் மலிவாகத் தெரிகிறது. கூட்டிப் பாருங்கள். 299 ரூபாய் பிளானோடு 51 சேர்த்தால் 350. அளவில்லா 5ஜி ஏற்கெனவே சேர்ந்திருக்கும் 2 ஜிபி பிளானோ 349. ஒரு ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறோம். அது போகட்டும், கிடைப்பதைப் பாருங்கள். வவுச்சரோடு வரும் 4ஜி டேட்டா மொத்தம் 3 ஜிபி. 349 பிளானில் தினம் அரை ஜிபி கூடுதல் என்றால் 28 நாளுக்கு 14 ஜிபி. மூன்று மாதத்துக்குப் போடுபவர்களுக்கு இழப்பு இன்னும் பெரிது. 84 நாளுக்கு 1.5 ஜிபி பிளான் 799, அதோடு 151 சேர்த்தால் 950. தினம் 2 ஜிபி தரும் 84 நாள் பிளான் 859 ரூபாய்தான். 91 ரூபாய் மிச்சம். 4ஜியிலும், வவுச்சரின் 9 ஜிபிக்குப் பதிலாக 42 ஜிபி கூடுதலாகக் கிடைக்கிறது.

அப்படியானால் அந்த வவுச்சர் யாருக்கு? பிளான் போட்டு முடித்த பிறகு 5ஜி போன் வாங்கியவருக்கு, அல்லது பிளானின் நடுவில் 5ஜி உள்ள ஊருக்கு வேலைக்குப் போனவருக்கு. அவர்களுக்கு அது நல்ல வழி. புதிதாக ரீசார்ஜ் செய்யப் போகிறவர் முதலிலேயே 2 ஜிபி பிளானைப் போட்டுவிடலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். டேட்டா தீர்ந்ததும் 19, 69 என்று போடுகிறோமே, அந்தச் சாதாரண டேட்டா பேக்குகள் 4ஜி அளவைத்தான் கூட்டும், அவற்றால் 5ஜி தகுதி வராது. அடிப்படை பிளான் முடிந்துபோனால் 5ஜியும் அன்றோடு முடியும்.

இனி கடிதத்துக்கு வருகிறேன். திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். மகன் பன்னிரண்டாம் வகுப்பு. மாலையில் இரண்டு மணி நேரம் ஆன்லைன் வகுப்பு. 5ஜி போன், 5ஜி உள்ள பிளான், ஊரில் 5ஜி டவரும் இருக்கிறது. “ஆனாலும் ஏழு மணிக்கெல்லாம் ‘உங்கள் தினசரி டேட்டா முழுவதும் தீர்ந்தது’ என்று மெசேஜ் வந்துவிடுகிறது. அளவில்லாதது எப்படித் தீரும்? கடைக்காரரைக் கேட்டால் ‘உங்க போன்ல ஏதோ பிரச்சனைக்கா’ என்கிறார்” என்று கேட்டிருந்தார்.

நாங்கள் அவரிடம் போனில் பேசினோம். வீடு தரைத்தளம், நீளமான வீடு. மகன் படிப்பது கடைசி அறையில். அங்கே போனின் மேல் ஓரத்தில் எப்போதும் 4ஜி என்றே காட்டுகிறது. தெருவாசலுக்கு வந்தால் 5ஜி என்று மாறுகிறது. பதில் அங்கேயே இருந்தது. நம் ஊரில் 5ஜியின் பெரும் பகுதி 3,300 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவரிசையில் ஓடுகிறது. அலைவரிசை எண் உயர உயர, அலை சுவரைத் தாண்டுவது கடினமாகும். காங்கிரீட் தளம், இரண்டு மூன்று செங்கல் சுவர் என்று குறுக்கே வந்தால் சிக்னல் வலுவிழந்து, போன் தானாகவே 4ஜியைப் பிடித்துக்கொள்ளும். ஜியோவிடம் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் 5ஜி உண்டு, அது சுவரை ஓரளவு நன்றாகவே கடக்கும். ஆனால் அதில் ஒதுக்கீடு குறைவு, வேகமும் அதற்கேற்றபடிதான். ஆகவே வாசகியின் மகன் வாங்கியிருந்த அளவில்லா 5ஜி அவர்கள் வீட்டில் வாசல் வரைக்கும்தான் இருந்தது. உள்ளே அவன் பயன்படுத்தியது முழுக்க அந்த 2 ஜிபி.

இரண்டு மணி நேர வகுப்பு ஏன் 2 ஜிபியைத் தின்கிறது என்று அடுத்த கேள்வி. வீடியோ 720 என்ற தரத்தில் ஓடினால் மணிக்கு ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை ஜிபி வரை ஆகும். 480 என்ற தரத்துக்கு இறக்கினால் பாதியாகக் குறையும். கரும்பலகையில் எழுதுவதைப் படிக்க 480 தாராளமாகப் போதும். 5ஜியில் இருக்கும்போது சில செயலிகள் தாமாகவே தரத்தை உயர்த்திக்கொள்கின்றன. ஐபோனிலோ ‘5ஜியில் கூடுதல் டேட்டாவை அனுமதி’ என்று ஓர் அமைப்பே இருக்கிறது. வாசலில் உயர்ந்த தரத்தில் தொடங்கிய வீடியோ, உள்ளே வந்து 4ஜிக்கு இறங்கிய பின்னும் அதே தரத்தில் கொஞ்ச நேரம் ஓடும். தினசரி அளவு வேகமாகக் கரைவது இப்படித்தான். நள்ளிரவு 12 மணிக்கு அன்றைய அளவு புதிதாகத் தொடங்குகிறதல்லவா? அந்த நேரத்தில் படுக்கையறையில் 4ஜியில் கிடக்கும் போன், செயலிகளைப் புதுப்பிக்கவும் புகைப்படங்களைக் காப்புப் பிரதி எடுக்கவும் தொடங்கினால், விடியும் முன்பே முக்கால் ஜிபி போயிருக்கும். அவற்றை வைஃபையில் மட்டும் என்று மாற்றிவைப்பது ஐந்து நிமிட வேலை.

தீர்ந்த பிறகு என்ன ஆகிறது என்பதும் அந்த நான்கு வரிக்குள்தான் இருக்கிறது. வேகம் விநாடிக்கு 64 கிலோபிட்டாகக் குறையும். கணக்கிட்டால், ஒரு எம்பி இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தி போகும், மூன்று எம்பி புகைப்படம் ஆறு நிமிடம் சுற்றிக்கொண்டிருக்கும். மளிகைக் கடையில் கியூஆர் கோடை ஸ்கேன் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். 5ஜி உள்ள இடத்தில் நாள் முழுக்கத் தாராளமாகப் பயன்படுத்திய ஒருவர், சிக்னல் இல்லாத சந்துக்குள் நுழைந்ததும் ‘நெட் வேலை செய்யவில்லை’ என்று தவிப்பது இதனால்தான். அவருடைய 4ஜி அளவு காலையிலேயே தீர்ந்திருக்கும். 5ஜி அதை மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவே. வீட்டுக்கு வரும் கம்பிவழி பிராட்பேண்டில் அளவு தீர்ந்த பின்னும் வேகம் 512 கிலோபிட்டுக்குக் கீழே போகக் கூடாது என்று டிராய் 2016-இல் உத்தரவிட்டது. மொபைலில் நமக்குக் கிடைப்பது அதில் எட்டில் ஒரு பங்கு. மொபைலையே ஒரே இணைப்பாக வைத்திருக்கும் வீடுகள்தான் இங்கே அதிகம், அந்த வீடுகளுக்கு 64 என்பது இணைப்பைத் துண்டிப்பதற்குச் சமம். இதை டிராய் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, 5ஜியை அளவில்லாமல் கொடுத்துவிட்டு 4ஜியை மட்டும் ஏன் அளந்து கொடுக்கிறார்கள்? 2022 ஏலத்தில் ஜியோவும் ஏர்டெல்லும் நாடு முழுக்க 100 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு 3,300 அலைவரிசையை வாங்கின. 4ஜியில் அவர்களுக்கு இவ்வளவு அகலமான ஒரே துண்டு கிடையாது. புதிதாகப் போட்ட எட்டுவழிச் சாலையில் வண்டிகள் குறைவாக ஓடுவது போன்ற நிலை அது. பழைய சாலையில் நெரிசல். அங்கிருந்து எத்தனை வண்டி இங்கே வந்தாலும் அவர்களுக்கு லாபம். ஒரு ஜிபியை 5ஜியில் கொண்டுசேர்க்க ஆகும் செலவும் குறைவு. ஆக இந்தத் தாராளம் உண்மையானதுதான், ஆனால் நெரிசல் இல்லாத வரைக்கும். எல்லோரிடமும் 5ஜி போன் வந்து அந்தச் சாலையும் நிறைந்தால், ‘நியாயமான பயன்பாடு’ என்ற இன்னொரு வரியை அவர்கள் கையில் எடுப்பார்கள். அந்த வரி இப்போதே நிபந்தனைகளில் இருக்கிறது.

நியாயமான பயன்பாடு என்பதைச் சிலர் எண்ணாகச் சொல்கிறார்கள், சிலர் சொல்லாக மட்டும் வைத்திருக்கிறார்கள். எண்ணாகச் சொல்வதற்கு உதாரணம், ஏர்டெல்லின் 49 ரூபாய் ஒரு நாள் டேட்டா பேக். பெயர் ‘அன்லிமிடெட்’, உள்ளே 20 ஜிபி, அதற்கு மேல் 64 கிலோபிட். ஜியோவின் ஃபைபர் இணைப்பில் மாதம் 3,300 ஜிபி, ஏர்ஃபைபரில் 1,000 ஜிபி. மொபைல் 5ஜியிலும் மாதம் 300 ஜிபி என்ற எண்ணை நிபந்தனையில் வைக்கும் வழக்கம் உண்டு. இந்த எண்கள் தெரிந்தால் நாம் திட்டமிட முடியும். ‘தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும், வணிகப் பயன்பாடு கூடாது’ என்று சொல்லாக மட்டும் இருக்கும்போதுதான் சிக்கல். எது வணிகம் என்று முடிவு செய்வது நிறுவனம். வீட்டிலிருந்தே சேலை விற்கும் ஒரு பெண் தினம் இரண்டு மணி நேரம் நேரலையில் துணி காட்டினால் அது எந்தக் கணக்கு? அவருக்குப் பதில் சொல்லும் வரி எதையும் நான் பார்க்கவில்லை.

300 ஜிபி என்றால் எவ்வளவு என்று ஒரு மதிப்பீடு தருகிறேன். 28 நாளுக்குப் பிரித்தால் தினம் பத்தரை ஜிபிக்கு மேல். போன் திரையில் 720 தரத்தில் ஏழு மணி நேரம் வீடியோ பார்க்கலாம். ஒருவர் தன் கையில் வைத்துப் பார்ப்பதற்கு இது தாராளம், அவருக்கு இந்த வரியால் எந்தத் தொல்லையும் வராது. அதே போனின் ஹாட்ஸ்பாட்டில் பெரிய டிவியை இணைத்து 4கே தரத்தில் படம் பார்த்தால் மணிக்கு ஏழு ஜிபி அளவில் போகும். 43 மணி நேரத்தில், அதாவது தினம் ஒன்றரை மணி நேரம் பார்த்தாலே, மாதக் கணக்கு முடிந்துவிடும். வீட்டு டிவி, லேப்டாப் எல்லாவற்றையும் ஒரு சிம்மில் ஓட்டலாம் என்று பிராட்பேண்டை நிறுத்தியவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பாருங்கள். மாதத்தின் நடுவிலேயே வேகம் விழுந்தால் அது டவர் கோளாறாக இல்லாமல் இந்த வரியாகவும் இருக்கலாம்.

பெரிய பிளானுக்கு மாறும் முன் ஒரு நாள் சோதித்துப் பாருங்கள் என்றுதான் அந்தத் திருப்பூர் வாசகியிடமும் சொன்னோம். 5ஜி தகுதி உள்ள போன் ஒன்றை, அந்தத் தகுதி உள்ள பிளானோடு, நீங்கள் வழக்கமாக உட்கார்ந்து பார்க்கும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர் போனாக இருந்தாலும் சரி. மைஜியோ அல்லது ஏர்டெல் தேங்க்ஸ் செயலியில் அன்றைய மீதம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் வீடியோ பாருங்கள். கொஞ்ச நேரம் விட்டு மீதத்தைத் திரும்பப் பாருங்கள், செயலியில் கணக்கு ஏற சற்றுத் தாமதமாகும். மீதம் அப்படியே இருந்தால் அந்த இடத்தில் உங்களுக்கு 5ஜி உண்மையிலேயே கிடைக்கிறது, கூடுதல் ரூபாய் பயனுள்ளது. முக்கால், ஒரு ஜிபி குறைந்திருந்தால் நீங்கள் 4ஜியில் இருக்கிறீர்கள். திரையின் மேல் ஓரத்தில் தெரியும் 5ஜி குறியை மட்டும் நம்ப வேண்டாம். 4ஜியைத் துணையாகக் கொண்டு ஓடும் 5ஜி அமைப்பில், பக்கத்தில் 5ஜி இருந்தாலே சில போன்கள் அந்தக் குறியைக் காட்டிவிடும், டேட்டா 4ஜியில் போய்க்கொண்டிருக்கும். ஜியோவோ துணையில்லாத தனி 5ஜி அமைப்பை நடத்துகிறது. அதை ஏற்காத சில பழைய 5ஜி போன்களில் ஜியோ 5ஜி வரவே வராது, எத்தனை ரூபாய் பிளான் போட்டாலும்.

வாசகி சோதித்துப் பார்த்தார். மகனின் மேசையைத் தெருப்பக்க அறைக்கு மாற்றியதில் போன் 5ஜியில் நின்றது, மீதம் குறையவில்லை. தன் போனில் அழைப்பும் வாட்ஸ்அப்பும் பணம் செலுத்துவதும் மட்டும்தான் என்பதால், அதை 5ஜி இல்லாத 299 ரூபாய்க்கே இறக்கிவிட்டார்.

தகுதி உள்ள பிளான், ஏற்கும் போன், சிக்னலும் இருக்கிறது, ஆனாலும் தினசரி அளவு கழிகிறது என்றால் அது புகாருக்கு உரியது. எந்த நிறுவனத்தின் சிம்மாக இருந்தாலும் 198 என்ற எண்ணுக்கு இலவசமாக அழைத்துப் புகார் பதியலாம். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சோதித்த நாளின் மீதம் காட்டும் திரையைப் படம் பிடித்து வைத்திருந்தால் பேச்சு சுருங்கும். பதிலில் திருப்தி இல்லாவிட்டால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், அதற்கும் கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். பிளானின் முழு நிபந்தனையை tariff.trai.gov.in என்ற டிராய் தளத்தில் நிறுவனத்தையும் தமிழ்நாட்டையும் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். அங்கே நட்சத்திரக் குறிக்கும் மற்ற வரிகளுக்கும் ஒரே எழுத்தளவுதான்.

அன்புடன்,
ஆசிரியர்